எட்டு கிளாஸ் தண்ணீரா, தாகமா, சிறுநீரின் நிறமா? மலையகக் குளிரில் எதை நம்புவது

மலையகத்தில் தண்ணீர் குடிப்பதைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. நாளுக்கு எட்டு கிளாஸ் கட்டாயம் என்கிறார்கள். ஆனால் நுவரெலியாக் குளிரில் இரண்டு கிளாஸ் இறங்குவதே பெரும்பாடு. தாகம் எடுக்கும்போது குடித்தால் போதாதா? பிளேன்டீ கணக்கில் சேருமா? மலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பக்கத்தில் மலசலகூடமே இல்லாத இடத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டு என்ன செய்வது?

நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: எண்ணிக்கை வைத்துக் குடிப்பது, தாகத்தைக் கேட்டுக் குடிப்பது, சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக் குடிப்பது. அவற்றை எடைபோட நான்கு அளவுகோல்கள் போதும்.

முதலாவது, ஆளுக்கும் நாளுக்கும் ஏற்ப அந்த வழி மாறிக்கொடுக்கிறதா? தை மாத வெயிலில் மலையேறுபவரின் தேவையும், மழை நாளில் வீட்டிலிருக்கும் பாட்டியின் தேவையும் ஒன்றல்ல. இரண்டாவது, குறைபாடு முற்றுவதற்கு முன்னரே தெரிவிக்கிறதா? மூன்றாவது, எப்போது பொய் சொல்லும்? நான்காவது, தோட்டத்து வேலை நாளுக்குள் அதைச் செய்ய முடியுமா?

## வழி 1: எட்டு கிளாஸ் கணக்கு

இந்தக் கணக்கில் கிளாஸ் என்பது ஏறத்தாழ 240 மில்லிலீட்டர். எட்டு கிளாஸ் சேர்ந்தால் 1.9 லீட்டர். இப்படி ஒரு விதியை நிறுவிய ஆய்வு எதுவும் இல்லை. டார்ட்மத் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த சிறுநீரக உடலியங்கியல் அறிஞர் ஹைன்ஸ் வால்டின் இதன் மூலத்தைத் தேடிப் பார்த்து 2002இல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டார். ஆரோக்கியமான, மிதமான தட்பவெப்பத்தில் வாழும், பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்யும் பெரியவர்களுக்கு எட்டு கிளாஸ் தேவை என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே அவர் கண்டது.

இதன் வேர் 1945இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்துச் சபை வெளியிட்ட பரிந்துரையில் இருக்கலாம் என்று பலரும் கருதுகிறார்கள். அதில் பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 2.5 லீட்டர் நீர் பொருத்தமானது என்று சொல்லப்பட்டது. அதையடுத்து, அந்த அளவில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதப்பட்டிருந்தது. பரவியது முதல் கூற்று மட்டும்தான். உணவிலுள்ள நீரைக் கழித்துவிட்டால் அது வேறு கணக்கு.

இன்றைய பரிந்துரைகளும் மொத்த நீரைத்தான் பேசுகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பெண்ணுக்கு 2 லீட்டர், ஆணுக்கு 2.5 லீட்டர் என்று வகுத்தது. தண்ணீர், தேநீர், பால், சோறு, குழம்பு, பழம் எல்லாவற்றிலும் உள்ள நீர் அதற்குள் அடங்கும். சமைத்த சோற்றின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் நீர்தான்.

பிளேன்டீ கணக்கில் சேரும். தேநீரிலுள்ள கஃபேன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டக்கூடும் என்றாலும், வழக்கமாகத் தேநீர் குடிப்பவர்களுக்கு நாளுக்கு நான்கைந்து கோப்பை வரை உடலில் தங்கும் நீரில் சொல்லும்படியான வித்தியாசம் தெரிவதில்லை. தேயிலையின் நடுவில் வாழ்பவர்களை ‘தேத்தண்ணி தண்ணீராகாது’ என்று பயமுறுத்த வேண்டியதில்லை. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி போட்டு நாளுக்கு ஐந்து கோப்பை குடித்தால் அது வேறொரு பிரச்சினை. அங்கே குறைக்க வேண்டியது சீனியை.

இந்த வழியின் மறைந்த செலவு, எண்ணை எட்டுவதற்காக ஒரே மூச்சில் குடிப்பதுதான். காலையில் வெறும் வயிற்றில் ஒன்றரை லீட்டர் என்று சிலர் பழக்கப்படுத்திக்கொள்கிறார்கள். சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடியது ஏறத்தாழ 800 மில்லிலீட்டரிலிருந்து ஒரு லீட்டர் வரைதான். அதற்கு மேல் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். முதலில் தலைவலியும் குமட்டலும் வரும். பிறகு தடுமாற்றம், மோசமானால் வலிப்பு. 2002ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனை ஓடி முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மிஞ்சிக் குடித்து எடை கூடியவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற நீர் மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும்.

எண்ணிக்கையே மேலான வழியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. சிறுநீரகக் கல் ஒரு தடவை வந்தவருக்கு, நாளுக்கு 2.5 லீட்டர் அளவு சிறுநீர் போகும்படி குடிக்க வேண்டும் என்று சிறுநீரக வைத்தியர்கள் சொல்வார்கள். அந்த அளவைத் தாகம் ஒருபோதும் கேட்டுத் தராது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களின் நிலையும் இதுதான். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ஒன்றரை லீட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி தொற்று வரும் பெண்களில் ஒரு பகுதியினர் வழக்கத்தை விடக் கூடுதலாக ஒன்றரை லீட்டர் தண்ணீர் குடித்தார்கள். அவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 தடவையும், பழைய அளவிலேயே குடித்தவர்களுக்கு 3.2 தடவையும் தொற்று வந்தது.

## வழி 2: தாகம்

தாகம் ஓர் அளவைக் கருவி. மூளையின் ஹைப்போதலமஸ் பகுதியிலுள்ள உணர்கலங்கள் இரத்தத்தின் செறிவைக் கண்காணிக்கின்றன. அந்தச் செறிவு 1 முதல் 2 சதவீதம் கூடினாலே தாகம் எடுக்கத் தொடங்கும். இவ்வளவு நுட்பமாக ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வேறு வழி நமக்கு இல்லை. வெயிலில் நின்றால் கூட்டிக் கேட்கும். இரவு கஞ்சி குடித்தால் குறைத்துக் கேட்கும். ஆரோக்கியமான நடுவயதினர் சாதாரண நாளில் தாகத்தை நம்பியே வாழலாம் என்பது இதனால்தான். ‘தாகம் எடுத்தால் ஏற்கெனவே உடல் காய்ந்துவிட்டது’ என்ற பேச்சு மிகைதான்.

ஆனால் மலையகத்தில் தாகத்துக்கு ஒரு பெரிய தடை உண்டு: குளிர். உடம்பு குளிரும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்குகிறது. அங்கே இரத்தம் நிறைந்திருப்பதால் நீர் போதுமான அளவில் இருப்பதாக உடல் கணித்துக்கொள்கிறது. தாகம் மங்குகிறது. அதே காரணத்தால் சிறுநீரகம் கூடுதலாகச் சிறுநீரை வெளியேற்றவும் செய்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையளவில் இருக்கும்போது, கொழும்பிலிருப்பவரின் தாகம் இங்கு வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

தை, மாசி மாதங்களில் இது இன்னும் சிக்கலாகும். விடியலில் பனி உறையும் அளவுக்குக் குளிர்; பத்து மணிக்கு மேல் தோலைச் சுடும் வெயில். காலைக் குளிரில் வாய் கேட்காமல் தவறவிட்ட நீருக்கும் சேர்த்துப் பதினொரு மணிக்கு வியர்வை வாங்கிக்கொள்ளும். இடுப்பில் படங்கும் தோளில் பிளாஸ்டிக் தாளும் போட்டு மழையில் வேலை செய்பவர்களுக்கு உள்ளே வியர்ப்பதே தெரியாது. உடுப்பு நனைந்தது மழையாலா வியர்வையாலா என்று பிரித்தறிய வழியில்லை.

இன்னொரு குறையும் உண்டு. குடித்த நீர் இரத்தத்தில் கலப்பதற்கு முன்பே, தொண்டையும் வயிறும் நனைந்த உடனே தாகம் அடங்கிவிடும். அளவுக்கு மீறிக் குடிக்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் நிறைய வியர்த்த நாளில் தாகம் தீரும்வரை மட்டும் குடித்தால் கொஞ்சம் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கி அடுத்த வேளைச் சாப்பாட்டோடு, உப்பும் நீரும் சேர்ந்து போகும்போதுதான் தீரும். பகல் சாப்பாட்டைத் தவறவிடுபவருக்கு அது தீராது.

முதியவர்களிடம் தாக உணர்வே தளர்ந்திருக்கும். எழுபதைத் தாண்டியவர் ‘எனக்குத் தாகமில்லை’ என்று சொன்னால் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வேளைக்கு ஒரு கோப்பை என்று வைத்துக் கொடுப்பதே சரி. அவர்களுக்கு இது வழி 1இன் நல்ல பயன்பாடு.

## வழி 3: சிறுநீரின் நிறம்

உடலில் பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் கழிவிலிருந்து வருவதுதான் சிறுநீரின் மஞ்சள் நிறமி. ஒரு நாளில் வெளியேறும் நிறமியின் அளவு பெரிதாக மாறுவதில்லை. அது கரையும் நீரின் அளவுதான் மாறுகிறது. நீர் குறையும்போது மூளையிலிருந்து வரும் ஒரு ஹோர்மோன் சிறுநீரகத்திடம் நீரைத் தேக்கிவைக்கச் சொல்கிறது. சிறுநீர் செறிந்து நிறம் கூடுகிறது. இந்த ஹோர்மோன் தாகத்துக்கும் முன்னரே செயற்படத் தொடங்கிவிடும். ஆகவே பெரும்பாலான நாட்களில் நிறம் தாகத்தை முந்திச் சொல்லும். குளிரில் தாகம் மங்கும் இடத்தில் இந்த முந்துதலுக்குத் தனி மதிப்பு உண்டு.

அமெரிக்க உடற்பயிற்சி உடலியங்கியல் அறிஞர் லோரன்ஸ் ஆம்ஸ்ட்ரோங் குழுவினர் 1994இல் எட்டு நிறங்களைக் கொண்ட அட்டவணை ஒன்றை உருவாக்கினார்கள். வீட்டுக்கு அந்த எட்டும் தேவையில்லை. வெளிர் மஞ்சள், அதாவது காய்ந்த வைக்கோலின் நிறம், போதுமென்று சொல்லும். தெளிவான மஞ்சளாகி, மணமும் சற்றுக் கூடினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு கோப்பை குடிக்க வேண்டும். கருமஞ்சளாகி, அளவிலும் சொற்பமாகப் போனால் குறைபாடு தெளிவானது. தண்ணீரைப் போலவே நிறமற்றுப் போய்க்கொண்டிருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள்; அதைக் குறைக்கலாம்.

பார்க்கும் முறையில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். மலசலகூடக் குழியில் ஏற்கெனவே தேங்கிய நீரோடு கலந்தால் எந்தச் சிறுநீரும் வெளிறித்தான் தெரியும். லயத்து மலசலகூடத்தின் இருட்டிலும் மஞ்சள் பல்பின் கீழும் நிறம் பிடிபடாது. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் நடுப்பகுதிச் சிறுநீரைப் பிடித்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள். ஓரிரு தடவை இப்படிப் பார்த்தாலே கண் பழகிவிடும்.

விடிந்ததும் போகும் முதல் சிறுநீரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரவு முழுவதும் தேங்கிச் செறிந்தது அது. எல்லோருக்கும் கொஞ்சம் கருத்தே இருக்கும். பயனுள்ளவை இரண்டு: வேலைக்குப் போகுமுன் போகும் இரண்டாவது சிறுநீர், பகல் சாப்பாட்டுக்கு வரும்போது போகும் சிறுநீர்.

நிறம் பொய் சொல்லும் சந்தர்ப்பங்கள் கணிசமானவை. பி விற்றமின் குளிசை எடுத்தவருக்குச் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும்; அதில் நீர்க்குறைவு எதுவும் இல்லை. நுவரெலியா பீற்றூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிவக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் செம்மஞ்சளாக்கும். இவை வீண் பயம் தருபவை மட்டுமே. எதிர்த்திசையில் ஏமாற்றுபவைதான் ஆபத்தானவை. கட்டுப்படாத நீரிழிவில் சீனி நீரை இழுத்துக்கொண்டு போவதால், உடம்பு காய்ந்துகொண்டிருக்கும்போதே சிறுநீர் வெளிறி, அடிக்கடி, நிறையப் போகும். நீர் மாத்திரையும் அப்படித்தான். காலைக் குளிரில் கூடுதலாகப் போகும் சிறுநீரும் வெளிறியே இருக்கும். காலை ஆறு மணிக்கு வெளிறியது என்பதற்காகப் பதினொரு மணி வெயிலுக்குத் தண்ணீர் கொண்டுபோகாமல் இருக்கக் கூடாது. ஒரேயடியாக அரை லீட்டர் குடித்தாலும், உடம்பின் குறை நிரம்புமுன்னரே சிறுநீர் வெளிறிவிடும்.

சாயம் கூடிய பிளேன்டீயைப் போலச் சிறுநீர் பழுப்பாகப் போனால் அது தண்ணீரால் தீர்க்கும் விடயமல்ல. கண் மஞ்சளாகவும் இருந்தால் மஞ்சட்காமாலை என்று எடுத்து, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எந்த உணவோடும் மருந்தோடும் தொடர்பில்லாத சிவப்பும் அப்படியே.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | எட்டு கிளாஸ் | தாகம் | நிறம் |
|---|---|---|---|
| ஆளுக்கும் நாளுக்கும் மாறுமா | மாறாது | நன்றாக மாறும் | மாறும் |
| முன்கூட்டிச் சொல்லுமா | எதையும் சொல்லாது | குளிரில் பிந்தும் | பெரும்பாலும் முந்தும் |
| பொய் சொல்லும் இடம் | வெயில் நாளிலும் மழை நாளிலும் ஒரே எண் | குளிர், முதுமை, கடும் வியர்வை | நீரிழிவு, நீர் மாத்திரை, விற்றமின், விடியற்காலை |
| மறைந்த செலவு | ஒரே மூச்சில் குடிப்பது, தேவையற்ற பயம் | பகல் சாப்பாடு தவறினால் பாக்கி நிற்கும் | வெளிச்சமும் மலசலகூடமும் வேண்டும் |
| மேலான இடம் | கல், அடிக்கடி தொற்று, முதியவர் | ஆரோக்கியமானவரின் சாதாரண நாள் | குளிரிலும் வெயிலிலும் உடலுழைப்பு |

மலையில் வேலை செய்பவருக்கு முதல் இடம் நிறத்துக்கு, இரண்டாவது தாகத்துக்கு. எண்ணை, காரணம் இருந்தால் மட்டும் எடுக்க வேண்டும். ஏன் என்பதை ஒரு வேலை நாளின் கணக்கில் பார்க்கலாம்.

## ஒரு நாளின் கணக்கு: ஹட்டன் பக்கத் தோட்டம், 48 கிலோ எடையுள்ள பெண்

இவை தோராயமான எண்கள். விடியற்காலை ஒரு பிளேன்டீ 200 மில்லிலீட்டர். ரொட்டியும் சம்பலும், அதில் நீர் 60. பத்து மணிக்கு இன்னொரு தேநீர் 200. பகலில் சோறு, பருப்பு, கோவா. அவற்றிலுள்ள நீர் 365, கூடவே தண்ணீர் 250. அந்திக்குப் பிளேன்டீ 200. இரவுச் சோற்றில் மறுபடி 365, தண்ணீர் 300.

வெறும் தண்ணீரை மட்டும் எண்ணினால் இது இரண்டு கிளாஸ்தான். எட்டு கிளாஸ் விதியின்படி இவர் பெரும் ஆபத்தில் இருக்கிறார். எல்லாவற்றையும் கூட்டினால் 1,940 மில்லிலீட்டர். ஐரோப்பியப் பரிந்துரையான 2 லீட்டரை ஏறக்குறைய எட்டிவிட்டார். குளிர்ந்த நாளில் இது நெருக்கடி இல்லாமல் போகும். சிறுநீர் முக்கால் லீட்டரளவில், சற்றே செறிந்த மஞ்சளாக இருக்கும். இன்னும் ஒரு கோப்பை குடித்தால் நல்லது என்ற அளவே.

பிழை இருப்பது மொத்த அளவில் அல்ல, நேரத்தில். வெயில் நாளொன்றில் விடியற்காலைப் பிளேன்டீயிலிருந்து நண்பகல் வரை பாருங்கள். உள்ளே போனது இரு தேநீரும் ரொட்டியும் சேர்த்து 460. வெளியே போனது மூச்சிலும் தோலிலும் 250, சரிவில் ஏறி இறங்கிய வியர்வை 700, சிறுநீர் 250: மொத்தம் 1,200. பற்றாக்குறை 740, எடையில் ஒன்றரை சதவீதம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வரும் தலைவலிக்கும் எரிச்சலுக்கும் சோர்வுக்கும் இந்த அளவு போதும். இரவில் குடிக்கும் தண்ணீர் இதை ஈடுசெய்யும். ஆனால் அந்தப் பகலுக்கு அது உதவாது. இதையே நண்பகல் சிறுநீரின் கருமஞ்சள் காட்டிக்கொடுக்கும்.

இனி மலசலகூடப் பிரச்சினை. மலையில் ஒதுங்க இடமில்லாததால் வேண்டுமென்றே குடிக்காமல் போவதும், வந்ததை அடக்குவதும் இங்கு பல பெண்களின் பழக்கம். இதைப் பெண்களின் அறியாமை என்று சொல்வது அநியாயம். வேலைத்தலத்தில் வசதி செய்து கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அது வரும்வரைக்கும் ஒரு வழி இருக்கிறது, ஏனென்றால் வெயிலில் வேலை செய்யும்போது குடிக்கும் நீரில் பெரும்பகுதி வியர்வையாகத்தான் போகிறது. மேலே கண்ட கணக்கில் 740 குறைவாக இருப்பவர், அந்த நேரத்துக்குள் 500 குடித்தாலும் சிறுநீர் கொஞ்சம்தான் கூடும். பற்றாக்குறையை நிரப்பவே அது செலவாகும். மழை நாளில்தான் குடித்தது நேரே சிறுநீராக வரும்.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும். ஐந்தரை மணிக்குப் பிளேன்டீயோடு கூடுதலாக 150 மில்லிலீட்டர் வெந்நீர் குடியுங்கள். பெரட்டுக்குப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள். வெயில் நாளில் அரை லீட்டர் போத்தல் ஒன்றைக் கொண்டுபோய், எட்டரையிலிருந்து அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவையாக 100 மில்லிலீட்டர் வரை குடியுங்கள். ஒரே மூச்சில் அரைப் போத்தலைக் குடித்தால்தான் சிறுநீர் முட்டும். மழையும் பனியுமான நாளில் அதே போத்தலில் பாதி போதும். தண்ணீர் பீலியிலிருந்தோ ஊற்றிலிருந்தோ எடுத்ததென்றால் கொதிக்கவைத்து ஆறவைத்ததாக இருக்க வேண்டும். வயிற்றோட்டம் ஒன்று வந்தால் ஒரு வாரம் குடித்ததெல்லாம் ஒரு நாளில் போய்விடும். குளிரில் குளிர்ந்த நீர் இறங்காது என்பவர்கள் சுடுதண்ணிப் போத்தலில் இளஞ்சூடாக எடுத்துப் போகலாம்.

நண்பகலில் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தால் அளவு சரி. இன்னும் கருத்திருந்தால் மறுநாள் மலையில் குடிப்பதை 150 மில்லிலீட்டரால் கூட்டுங்கள். நிறமின்றித் தெளிந்து, பதினொரு மணிக்கே முட்டினால் அதேயளவு குறையுங்கள். மூன்று, நான்கு நாட்களில் உங்கள் அளவு பிடிபடும். தை மாதத்தில் ஒன்றாகவும் ஆடி மழையில் வேறொன்றாகவும் இருக்கும்.

எரிச்சலோடு சொட்டுச்சொட்டாகப் போவது, அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று வந்தால் தண்ணீரைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு நாட்களைக் கடத்தாமல் தோட்ட டிஸ்பென்சரிக்கோ அரசாங்க வைத்தியசாலைக்கோ போங்கள்; கர்ப்பிணிகள் அன்றே போக வேண்டும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நாளுக்கு இவ்வளவுதான் என்று வைத்தியர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால், இங்கே சொன்ன போத்தல் கணக்கு உங்களுக்கானது அல்ல. நிறம் கருத்திருந்தாலும் அவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.